லைன், பார், கேண்டில்: ஒரே நாளின் விலை ஏன் பல முகங்களாகத் தெரிகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓப்பன், ஹை, லோ, குளோஸ் என்று நான்கு விலைகள் போடுகிறார்கள். எது எதைக் குறிக்கிறது?

முதலில் ஒரு கால அளவை, அதாவது டைம்ஃபிரேமை, முடிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், எதுவாகவும் இருக்கலாம். அந்த அளவுக்குள் நடந்த முதல் வர்த்தகத்தின் விலை ஓப்பன். கடைசி வர்த்தகத்தின் விலை குளோஸ். இடையில் தொட்ட மிக உயர்ந்த விலை ஹை, மிகத் தாழ்ந்த விலை லோ. அந்த நேரத்தில் நூறு வர்த்தகங்கள் நடந்திருந்தாலும் லட்சம் நடந்திருந்தாலும் சார்ட்டில் மிஞ்சுவது இந்த நான்கு எண்கள்தான்.

நான்கும் ஒரே இனம் என்று நினைத்துவிடக் கூடாது. ஹையும் லோவும் சந்தை தானாகப் போய்த் தொட்ட எல்லைகள். ஓப்பனையும் குளோஸையும் தேர்ந்தெடுப்பது கடிகாரம். கால அளவின் தொடக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓப்பனும் குளோஸும் உடனே மாறும். ஹையும் லோவும் பல நேரம் அசையாமல் நிற்கும். சார்ட் பற்றிய குழப்பங்களில் பாதி இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

எண்களோடு ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஆறு மணி நேரம் வர்த்தகம் நடக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பங்குதான், எண்களை எளிமையாக வைத்திருக்கிறேன். இனி வரும் எல்லா விடைகளுக்கும் இதே நாள்தான் பயன்படும்.

| மணி | ஓப்பன் | ஹை | லோ | குளோஸ் |
|---|---|---|---|---|
| 1 | 100 | 104 | 99 | 103 |
| 2 | 103 | 108 | 102 | 107 |
| 3 | 107 | 107 | 101 | 102 |
| 4 | 102 | 103 | 94 | 95 |
| 5 | 95 | 99 | 94 | 98 |
| 6 | 98 | 102 | 97 | 101 |

காலையில் ஏறி, நடுப்பகலில் பலமாகச் சரிந்து, கடைசி இரண்டு மணி நேரத்தில் மீண்டு வந்த நாள் இது. முழு நாளுக்கும் சேர்த்து நான்கு விலைகளை எடுக்க, முதல் மணியின் ஓப்பன், ஆறிலும் மிக உயர்ந்த ஹை, ஆறிலும் மிகத் தாழ்ந்த லோ, கடைசி மணியின் குளோஸ் ஆகியவற்றை எடுத்தால் போதும். ஓப்பன் 100, ஹை 108, லோ 94, குளோஸ் 101. சிறிய கால அளவுகளைச் சேர்த்துப் பெரியதாக்க எங்கும் இதே விதிதான். தலைகீழாகச் செய்ய வழியில்லை. நாளின் நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆறு மணி நேரத்தைத் திரும்பக் கட்ட முடியாது.

இதே நாள் லைன் சார்ட்டில் எப்படித் தெரியும்?

ஒரே ஒரு புள்ளியாக. லைன் சார்ட் வழக்கமாகக் குளோஸ் விலைகளை மட்டும் எடுத்து அவற்றைக் கோட்டால் இணைக்கிறது. முந்தைய நாள் 100இல் முடிந்திருந்தால், கோடு 100இலிருந்து 101க்கு மெல்ல ஏறும். பார்ப்பவர் அமைதியான நாள் என்று நினைப்பார். 108ஐத் தொட்டதும் 94க்கு விழுந்ததும் அதில் எங்கும் இல்லை.

மணிக்கணக்கில் லைன் சார்ட் போட்டால் 103, 107, 102, 95, 98, 101 என்ற ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஏற்ற இறக்கம் இப்போது தெரிகிறது. ஆனால் உச்சம் 107, தாழ்வு 95 என்றுதான் காட்டும். உண்மையான எல்லைகள் இரு பக்கமும் ஒரு விலைப் புள்ளி தள்ளி இருக்கின்றன. 94.50இல் ஸ்டாப் லாஸ், அதாவது விலை அங்கே இறங்கினால் நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் ஆர்டர், வைத்திருந்தவருக்கு அந்த ஒரு புள்ளி பெரிய விஷயம். லைன் சார்ட்டைப் பார்த்தால் அவருடைய ஸ்டாப் தப்பித்ததுபோல் இருக்கும். நிஜத்தில் நான்காவது மணியிலேயே அது அடிபட்டுவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போகும் விலைகளில் வர்த்தகம் நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்று 101இல் முடிந்து நாளை 109இல் திறந்தால், நடுவில் உள்ள விலைகளில் ஒரு பங்குகூட வர்த்தகம் ஆகாமல் இருந்திருக்கலாம். லைன் சார்ட் அந்த இடைவெளியைச் சாய்வுக் கோடாக மூடிவிடும். பாரிலும் கேண்டிலிலும் இன்றைய குளோஸும் நாளைய ஓப்பனும் தனித்தனியே நிற்பதால் அந்தத் தாவல் தெரியும்.

அப்படியானால் லைன் சார்ட் எதற்கு?

பல ஆண்டுப் போக்கைப் பார்க்கவும், இரண்டு மூன்று பங்குகளை ஒரே படத்தில் ஒப்பிடவும் அதைவிடத் தெளிவானது இல்லை. மூன்று பங்குகளின் கேண்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

பார், கேண்டில் இரண்டிலும் அதே நான்கு விலைகள்தானே? பிறகு என்ன வித்தியாசம்?

தகவலில் வித்தியாசம் எதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் விதத்தில்தான். பார் சார்ட்டில் லோவிலிருந்து ஹை வரை ஒரு செங்குத்துக் கோடு. அதன் இடப்பக்கம் நீட்டிய சிறு கோடு ஓப்பன், வலப்பக்கம் நீட்டியது குளோஸ். நம் நாளுக்கு 94இலிருந்து 108 வரை கோடு. இடது சிறுகோடு 100இல், வலது சிறுகோடு 101இல். சில பார் சார்ட்டுகளில் ஓப்பனே இருக்காது, வலப்பக்கச் சிறுகோடு மட்டும் இருக்கும். பழைய தரவுகளில் ஓப்பன் பதிவாகாத இடங்களில் இது உதவும்.

கேண்டிலில் ஓப்பனுக்கும் குளோஸுக்கும் இடைப்பட்ட பகுதி தடித்த உடலாக வரும். உடலுக்கு மேலும் கீழும் நீளும் மெல்லிய கோடுகளை விக் என்றும் நிழல் என்றும் சொல்கிறார்கள். நம் நாளில் உடல் 100 முதல் 101 வரை, வெறும் ஒரு புள்ளி உயரம். மேல் விக் 7 புள்ளி, கீழ் விக் 6 புள்ளி.

கேண்டிலில் கண் முதலில் போவது உடலுக்கும் நிறத்துக்கும். பாரில் முதலில் தெரிவது மொத்த நீளம், அதாவது விலை எவ்வளவு தூரம் அலைந்தது என்பது. நம் நாளைப் போன்ற ஒரு நாளுக்குப் பார்தான் நேர்மையான படம் என்பது என் கருத்து. 14 புள்ளி அலைந்த நாள் பாரில் நீளமாக நிற்கிறது. கேண்டிலில் ஒரு புள்ளி உடலோடு மெலிந்து போகிறது. ஆனால் ஒரு மணி நேரத்தில் யார் கை ஓங்கியது என்று சட்டென்று பார்க்க வேண்டுமானால் கேண்டிலை மிஞ்ச முடியாது. திரை முழுதும் நூற்றுக்கணக்கில் நெருக்கிப் போடும்போது உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அப்போது மறுபடியும் பார் நல்லது.

பங்கு 4 புள்ளி ஏறியிருக்கிறது, ஆனால் கேண்டில் சிவப்பாக இருக்கிறது. தவறா?

தவறு இல்லை. நிறம் அந்தக் கேண்டிலின் குளோஸை அதே கேண்டிலின் ஓப்பனோடு ஒப்பிட்டு வருகிறது: மேலே முடிந்தால் பச்சை, கீழே முடிந்தால் சிவப்பு. நம் நாள் 101இல் முடிந்தது. மறுநாள் 109இல் திறந்து, 110 வரை போய், 104ஐத் தொட்டு, 105இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். முந்தைய குளோஸோடு பார்த்தால் 4 புள்ளி ஏற்றம். தன் ஓப்பனோடு பார்த்தால் 4 புள்ளி இறக்கம். விலைப் பட்டியல் பச்சையாகவும் கேண்டில் சிவப்பாகவும் இருப்பது அதனால்தான். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன.

சில மென்பொருள்களில் உள்ளீடற்ற கேண்டில் என்று ஒரு வகை உண்டு. அதில் உடல் நிரம்பியிருக்கிறதா வெறுமையா என்பது தன் ஓப்பனோடு ஒப்பீட்டையும், நிறம் முந்தைய குளோஸோடு ஒப்பீட்டையும் காட்டும். நம் மறுநாள் கேண்டில் அதில் பச்சை நிறத்தில், உடல் நிரம்பி வரும். சீனா, ஜப்பான் சந்தைகளின் படங்களைப் பார்ப்பவர்கள் மட்டும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அங்கே வழக்கமாக ஏற்றத்துக்குத்தான் சிவப்பு.

டைம்ஃபிரேம் மாற்றினால் கேண்டில் பேட்டர்னே மாறிவிடுகிறது. எதை நம்புவது?

நம் நாளையே மூன்று விதமாக வெட்டிப் பார்ப்போம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கேண்டில் என்று வைத்தால் மூன்று கிடைக்கும். முதலாவது 100இல் தொடங்கி 107இல் முடிகிறது: உயரமான பச்சை. இரண்டாவது 107இல் தொடங்கி 95இல் முடிகிறது: இன்னும் உயரமான சிவப்பு, முதல் பச்சையின் உடலை முழுக்க விழுங்கிவிடுகிறது. மூன்றாவது 95இலிருந்து 101 வரை மறுபடியும் பச்சை. பேட்டர்ன் புத்தகம் கையில் இருப்பவர் நடுவில் உள்ளதைப் பார்த்து, இறக்கத்துக்கான விழுங்கும் அமைப்பு என்பார்.

மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்றால் இரண்டே கேண்டில்கள். முதலாவது ஓப்பன் 100, ஹை 108, லோ 99, குளோஸ் 102. சிறிய உடல், மேலே 6 புள்ளி விக். எரிநட்சத்திரம் என்று பெயரிட்டு, இறக்கம் வரும் என்பார்கள். இரண்டாவது ஓப்பன் 102, ஹை 103, லோ 94, குளோஸ் 101. சிறிய உடல், கீழே 7 புள்ளி விக். இதற்குச் சுத்தியல் என்று பெயர். ஏற்றத்தின் அறிகுறி என்பார்கள். விழுங்கும் அமைப்பு காணாமல் போய்விட்டது.

முழு நாளுக்கு ஒன்று என்றால், இரு பக்கமும் நீண்ட விக், நடுவே கீற்றுபோல் உடல். டோஜிக்கு நெருக்கமான கேண்டில். சந்தை முடிவெடுக்கவில்லை என்பார்கள்.

மூன்று படங்களுக்கும் அடியில் இருப்பது ஒரே வர்த்தகங்கள். 94இலிருந்து திரும்பியது நிஜம், 108ஐத் தாண்டாதது நிஜம். ஆனால் சுத்தியலும் விழுங்கலும் டோஜியும் நேரத்தை எங்கே வெட்டினோம் என்பதைப் பொறுத்தே வந்தவை. எனவே பேட்டர்னின் பெயரைவிட, எந்த விலையில் விற்பவர்கள் மேலே போக விடவில்லை, எந்த விலையில் வாங்குபவர்கள் வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்வது பயன் தரும். 108, 94 என்ற இரண்டு எல்லைகளும் மூன்று படங்களிலும் மாறாமல் இருக்கின்றன. நாற்பது பேட்டர்ன் பெயர்களை மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆர்வம் இருந்ததில்லை.

வெட்டும் அளவு ஒன்றாக இருந்தாலும் இரண்டு தளங்களில் கேண்டில் வேறாக வருகிறதே?

தொடக்கப் புள்ளி வேறாக இருக்கலாம். நம் நாளை இரண்டு மணி நேரக் கேண்டில்களாகவே வெட்டுவோம், ஆனால் முதல் மணியை விட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஓப்பன் 103, ஹை 108, லோ 101, குளோஸ் 102. சற்றுமுன் பார்த்த உயரமான பச்சை போய், நீண்ட மேல் விக்கோடு சிறிய சிவப்பு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் தள்ளியதுதான் காரணம்.

திறக்கும் நேரமும் மூடும் நேரமும் உள்ள பங்குச் சந்தையில் நாள் கேண்டிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்நியச் செலாவணி, கிரிப்டோ போன்ற இடையறாத சந்தைகளில் நாள் எங்கே முடிகிறது என்பதே ஒரு ஏற்பாடுதான். அந்நியச் செலாவணியில் பல தளங்கள் நியூயார்க் மாலை 5 மணியை நாளின் முடிவாக எடுக்கின்றன. கிரிப்டோ தளங்கள் பெரும்பாலும் UTC நள்ளிரவை எடுக்கின்றன. சார்ட்டின் நேர அமைப்பைப் பார்க்காமல் இரண்டு தளங்களின் நாள் கேண்டிலை ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

பங்குகளிலும் வேறு காரணங்களால் எண்கள் மாறும். பல சந்தைகளில் அதிகாரபூர்வமான குளோஸ் கடைசி வர்த்தகத்தின் விலையாக இருப்பதில்லை. இறுதி ஏலத்திலோ, கடைசி நேர வர்த்தகங்களின் எடையிட்ட சராசரியிலோ அது தீர்மானமாகிறது. அதனால் நாள் கேண்டிலின் குளோஸும், அதே நாளின் கடைசி ஐந்து நிமிடக் கேண்டிலின் குளோஸும் சற்றே விலகி நிற்கலாம். பங்குப் பிரிப்பு, டிவிடெண்ட் ஆகியவற்றுக்காகப் பழைய விலைகளைத் திருத்திப் போடும் தளமும் திருத்தாத தளமும் பல ஆண்டுப் படத்தில் முற்றிலும் வேறு எண்களைக் காட்டும்.

ஒரு நாள் கேண்டிலைப் பார்த்து முதலில் ஏறியதா, முதலில் இறங்கியதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. பழைய தரவில் உத்திகளைச் சோதித்துப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

ஒருவர் ஓப்பனில் 100க்கு வாங்குகிறார். இலக்கு 106, ஸ்டாப் லாஸ் 96. நம் நாளில் இரண்டாவது மணியிலேயே விலை 108ஐத் தொடுகிறது. 6 புள்ளி லாபத்தோடு வெளியே வந்துவிடுகிறார். இப்போது வேறொரு நாளைக் கற்பனை செய்யுங்கள். 100இல் திறந்து, முதலில் 94க்கு விழுந்து, பிறகு 108க்கு ஏறி, 101இல் முடிகிறது. ஓப்பன், ஹை, லோ, குளோஸ் நான்கும் அச்சு மாறாமல் அதே. கேண்டிலும் அதே. ஆனால் இவர் முதல் சரிவிலேயே 4 புள்ளி நஷ்டத்தோடு வெளியேறியிருப்பார்.

நாள் கேண்டிலை மட்டும் வைத்துச் சோதிக்கும் நிரல், ஏதாவது ஒரு வரிசையைத் தானாக ஊகித்துக்கொள்கிறது. இலக்கை முதலில் தொட்டதாக ஊகித்தால் உத்தி அற்புதமாகத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஒரே கேண்டிலுக்குள் இலக்கும் ஸ்டாப்பும் இரண்டும் அடங்கிய நாட்களை மட்டும் தனியே எண்ணுங்கள். அவை அதிகமாக இருந்தால் அந்த முடிவை நம்ப வேண்டாம்; அந்த நாட்களுக்கு மட்டுமாவது சிறிய டைம்ஃபிரேமைத் திறந்து பார்க்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த நாட்கள் எல்லாவற்றையும் நஷ்டமாகக் கணக்கிட்டு, உத்தி அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

பச்சையாக இருந்த கேண்டில் மாலையில் உருமாறிவிட்டது. சார்ட்டில் கோளாறா?

முடியாத கேண்டிலைப் பார்த்திருக்கிறீர்கள். கால அளவு முடியும்வரை அதன் குளோஸ் என்பது அந்த நொடியின் விலைதான். நம் நாளில் இரண்டாவது மணி முடிந்தபோது நாள் கேண்டில் 100இல் தொடங்கி 107இல் நின்ற கம்பீரமான பச்சை. நான்காவது மணி முடிவில் அதே கேண்டில் 95இல் நின்ற சிவப்பு. மாலையில் ஒரு புள்ளிப் பச்சை. குளோஸை வைத்துத் தரும் எந்தச் சைகையும் கேண்டில் முடிந்த பிறகே செல்லும். நடுவில் வந்து மறைந்துபோகும் சைகைகள் பிறகு சார்ட்டில் தடயமே இல்லாமல் போய்விடும்.

எந்த டைம்ஃபிரேமை எடுப்பது?

எவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறீர்களோ, அதற்கு ஏற்ப. பொதுவாக இதற்குமேல் சொல்ல முடியாது. ஆனால் டைம்ஃபிரேமுக்கும் ஸ்டாப்பின் தூரத்துக்கும் உள்ள உறவை எண்ணில் பார்க்கலாம்.

நம் நாளின் ஆறு மணிகளிலும் ஹைக்கும் லோவுக்கும் உள்ள தூரம் 5, 6, 6, 9, 5, 5. சராசரி 6. கூட்டினால் 36 வருகிறது. ஆனால் முழு நாளின் தூரம் 14தான், ஏனென்றால் ஏறியதையே விலை திரும்ப இறங்கிக் கடக்கிறது. விலை ஏறக்குறைய தற்செயலாக அலையும்போது, இந்தத் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளரும் என்பது தோராயமான விதி. 6இன் வர்க்கமூலம் சுமார் 2.45, அதை 6 புள்ளியால் பெருக்கினால் 14.7. நம் நாள் அதற்கு அருகில்தான் இருக்கிறது. வலுவான போக்கு உள்ள நாட்களில் இதைவிட அதிகமாகவும், ஒரே இடத்தில் சுற்றும் நாட்களில் குறைவாகவும் வரும்.

இதன் விளைவு நடைமுறையானது. மணிக் கேண்டிலைப் பார்த்து 3 புள்ளி ஸ்டாப் வைத்துவிட்டு, பங்கைப் பல நாட்கள் வைத்திருக்க நினைத்தால், சராசரி மணி நேரத்தின் வழக்கமான அலைவே அதை அடித்துவிடக்கூடும். உங்கள் கணிப்பு தவறியதால் ஸ்டாப் அடிபட்டதா, வெறும் அலைவால் அடிபட்டதா என்பதே தெரியாது. பல நாட்கள் வைத்திருப்பவர் நாள் கேண்டிலின் சராசரி தூரத்தைப் பார்த்து ஸ்டாப்பைத் தீர்மானித்து, அதற்கேற்பப் பங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நீளமான விக் இருந்தால் அங்கே பெரிய சண்டை நடந்தது என்று சொல்லலாமா?

கேண்டிலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 108இல் பல்லாயிரம் பங்குகள் கைமாறியிருக்கலாம், ஒரே ஒரு சிறிய ஆர்டர் நடந்திருக்கலாம். விக்கின் நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான். வர்த்தக அளவைக் கீழே சேர்த்துப் போட்டு, சிறிய டைம்ஃபிரேமில் அந்த விலையருகே எவ்வளவு நேரம் செலவானது என்று பார்க்க வேண்டும். வர்த்தகம் குறைவான பங்குகளில் ஒரு தவறான ஆர்டரே நீண்ட விக்கை உண்டாக்கிவிடும்.

ஹெய்கின் ஆஷி கேண்டில் மிருதுவாக, அழகாக இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

போக்கைக் கண்ணால் பார்க்கப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் குளோஸ் உண்மையான குளோஸ் இல்லை, நான்கு விலைகளின் சராசரி. நம் நாளுக்கு 100, 108, 94, 101 ஆகியவற்றைக் கூட்டி நான்கால் வகுத்தால் 100.75 வரும். அதன் ஓப்பனோ முந்தைய ஹெய்கின் ஆஷி உடலின் நடுப்புள்ளி. ஆகவே இரண்டு நாட்களுக்கு இடையிலான விலை இடைவெளிகள் அதில் மங்கி மறைந்துவிடும். ஆர்டர் போடும் விலையையும் ஸ்டாப்பையும் அதிலிருந்து எடுக்காமல், சாதாரணக் கேண்டிலையோ பாரையோ பக்கத்தில் திறந்து அதிலிருந்து எடுங்கள்.